31 சதவீதம் எங்கிருந்து வந்தது: மறுஅனுமதி மாடலின் ஒரே ஒரு கணிப்பைப் பிரித்துப் பார்த்தல்

டிஸ்சார்ஜ் ஆன நோயாளி 30 நாட்களுக்குள் மீண்டும் வந்து அட்மிட் ஆவாரா என்று கணிக்கும் மாடல்கள் அமெரிக்க மருத்துவமனைகளில் பரவலாக இருக்கின்றன. அதற்குப் பணக் காரணமும் உண்டு. 2012 அக்டோபரிலிருந்து, சில நோய்களுக்கு மறுஅனுமதி எதிர்பார்ப்பைவிட அதிகமாக உள்ள மருத்துவமனைகளுக்குத் தரும் தொகையில், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேர் பிடித்தம் செய்கிறது. அதன் உச்ச வரம்பு இப்போது 3 சதவீதம். அதனால் டிஸ்சார்ஜ் திட்டமிடும் நர்ஸின் திரையில் ஒவ்வொரு நோயாளியின் பெயருக்குப் பக்கத்திலும் ஓர் எண் நிற்கிறது.

அந்த எண் 31% என்று வைத்துக்கொள்வோம். நர்ஸ் கேட்கும் முதல் கேள்வி, "இவருக்கு ஏன் இவ்வளவு?" என்பதுதான். மாடல் மொத்தமாக எந்த அம்சங்களை நம்புகிறது என்ற பட்டியல் இதற்குப் பதில் ஆகாது. அது ஆயிரக்கணக்கான நோயாளிகளின் சராசரி. இந்த ஒருவருடைய 31 எப்படி வந்தது என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும். இங்கே அந்தக் கணக்கை ஒரு நோயாளிக்குப் படிப்படியாகப் போட்டு, எங்கெல்லாம் அது தவறாகப் படிக்கப்படுகிறது என்றும் பார்க்கிறோம்.

தரவு

யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளக்கூடிய ஒரு கோப்பையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் 130 மருத்துவமனைகளில் 1999 முதல் 2008 வரை சேர்ந்த நீரிழிவு நோயாளிகளின் பதிவுகள், `diabetic_data.csv`. மொத்தம் 1,01,766 அனுமதிகள். நோயாளிகள் சுமார் 71,500 பேர்தான். அதாவது பலர் ஒன்றுக்கு மேற்பட்ட வரிசைகளில் வருகிறார்கள். `readmitted` என்ற பத்தியில் `<30`, `>30`, `NO` என்று மூன்று மதிப்புகள். 30 நாட்களுக்குள் திரும்பியவை சுமார் 11 சதவீதம்.

விளக்கம் கெட்டுப்போவதற்கான விதைகளில் பாதி, தரவைப் படிக்கும் முதல் சில வரிகளிலேயே விழுந்துவிடும்.

```python
import pandas as pd
df = pd.read_csv("diabetic_data.csv",
                 na_values="?", keep_default_na=False)
df = df[~df.discharge_disposition_id.isin([11, 13, 14, 19, 20, 21])]
y = (df.readmitted == "<30").astype(int)
groups = df.patient_nbr
```

`keep_default_na=False` எதற்கு? இந்தக் கோப்பில் HbA1c சோதனை செய்யப்படாதவர்களுக்கு `A1Cresult` பத்தியில் `None` என்று எழுதியிருக்கிறது. புதிய `pandas` பதிப்புகள் அந்தச் சொல்லை வெற்றிடம் என்று எடுத்துக்கொள்ளும். சோதனை செய்யவில்லை என்பது மருத்துவர் எடுத்த முடிவு, அது ஒரு தகவல். வெற்றிடத்தைப் பிறகு ஏதோ ஒரு மதிப்பால் நிரப்பினால், அந்தத் தகவல் விளக்கத்தில் வேறு உருவத்தில் தலைகாட்டும்.

அடுத்த வரியில் நீக்கப்படும் ஆறு எண்களும் இறந்துபோனவர்களையும், இறுதிக்காலப் பராமரிப்புக்கு அனுப்பப்பட்டவர்களையும் குறிக்கின்றன. இறந்தவர் மீண்டும் அட்மிட் ஆக முடியாது. அவர்களை உள்ளே விட்டால், "எண் 11 என்றால் ஆபத்து இல்லை" என்று மாடல் கற்றுக்கொள்ளும். திரும்புவோரையும் திரும்பாதோரையும் பிரித்தறியும் திறனின் அளவான AUC கொஞ்சம் நன்றாகவே தெரியும், ஆனால் உயிருடன் வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் "11 அல்ல" என்பதற்காக ஒரு சிறு கூட்டல் விழும். இப்படி நடந்திருக்கிறதா என்று கண்டுபிடிக்க, சோதனைத் தொகுப்பில் மிகப் பெரிய கழித்தல் பெற்றிருக்கும் வரிசைகளை எடுத்து, அதை எந்த அம்சம் தந்தது என்று பாருங்கள். மருத்துவக் காரணமே சொல்ல முடியாத பெரிய கழித்தல் தென்பட்டால், விடை தரவின் வழியே உள்ளே கசிந்திருக்கிறது என்று சந்தேகிக்கலாம்.

பயிற்சி, சோதனை என்று பிரிப்பதை `patient_nbr` வாரியாகச் செய்ய வேண்டும். ஒரே நோயாளி இரண்டு பக்கமும் இருந்தால் மதிப்பீடு பொய்யாக உயரும். ஒழுங்காகப் பிரித்தால் இந்த இலக்குக்கு AUC பெரும்பாலும் 0.65 முதல் 0.70க்குள் நிற்கும். இந்த எண்ணை விளக்கம் படிக்கும்போதும் மறக்கக் கூடாது. யார் திரும்பி வருவார் என்பதன் பெரும்பகுதி இந்தப் பத்திகளில் இல்லவே இல்லை. வீட்டில் யார் இருக்கிறார்கள், மருந்து வாங்கப் பணம் இருக்கிறதா, மருந்தகம் எவ்வளவு தூரம் என்பவை எதுவும் கோப்பில் கிடையாது. இல்லாத ஒன்றை விளக்கம் சொல்லாது.

நோயாளியும் அவருடைய கணக்கும்

மாடல் `xgboost` மரங்களின் தொகுப்பு. குறியீட்டுப் பத்திகள் 0, 1 பத்திகளாக விரிக்கப்பட்டிருக்கின்றன. நோயாளி 70 வயதைத் தாண்டியவர். முதன்மை நோய் இதயச் செயலிழப்பு, அதாவது `diag_1` பத்தியில் 428. 6 நாள் தங்கியிருக்கிறார். அதற்கு முந்தைய ஓராண்டில் 3 முறை உள்நோயாளியாகச் சேர்ந்திருக்கிறார், ஒரு முறை அவசரப் பிரிவுக்கு வந்திருக்கிறார். இன்சுலின் அளவு கூட்டப்பட்டிருக்கிறது. வீட்டுக்குப் போகாமல் நர்சிங் பராமரிப்பு இல்லத்துக்குப் போகிறார். இவர் உண்மையான ஒருவர் அல்ல, கோப்பின் பத்திகளைக் கொண்டு அமைத்த எடுத்துக்காட்டு. ஒவ்வோர் அம்சமும் கணிப்பை எவ்வளவு ஏற்றியது அல்லது இறக்கியது என்று சொல்லும் கீழேயுள்ள பங்குகளும் கையால் கூட்டிப் பார்க்க வசதியாக வைத்துக்கொண்டவை. உங்கள் மாடலில் வேறு எண்கள் வரும்.

```python
import shap
bg = shap.maskers.Independent(
    shap.sample(X_train, 500, random_state=0), max_samples=500)
ex = shap.TreeExplainer(model, data=bg,
                        feature_perturbation="interventional")
row = X_test.iloc[[i]]
sv = ex(row)
print(ex.expected_value + sv.values.sum(),
      model.predict(row, output_margin=True))
```

கடைசி வரி அச்சிடும் இரண்டு எண்களும் ஒன்றாக இருக்க வேண்டும். தசமத்தில் சில இடங்கள் தள்ளி வேறுபட்டால் பரவாயில்லை. அதைவிடப் பெரிதாக வேறுபட்டால், பத்திகளின் வரிசை மாறியிருக்கிறது, அல்லது விளக்கத்துக்குப் போன மாடலும் கணித்த மாடலும் வேறு. இந்தச் சோதனை தேறாமல் எந்தப் படத்தையும் யாரிடமும் காட்டாதீர்கள்.

கிடைத்த பங்குகள் இவை:

| அம்சம் | பங்கு |
|---|---|
| தொடக்க மதிப்பு | −2.20 |
| முந்தைய ஓராண்டு உள்நோயாளி அனுமதிகள் 3 | +0.74 |
| பராமரிப்பு இல்லத்துக்கு டிஸ்சார்ஜ் | +0.31 |
| முதன்மை நோய் இதயச் செயலிழப்பு | +0.09 |
| அவசரப் பிரிவு வருகை 1 | +0.08 |
| பதிவான நோய்கள் 9 | +0.07 |
| இன்சுலின் கூட்டப்பட்டது | +0.06 |
| தங்கிய நாட்கள் 6 | +0.05 |
| கொடுத்த மருந்துகள் 18 | −0.03 |
| மற்றவை எல்லாம் சேர்த்து | +0.03 |
| மொத்தம் | −0.80 |

இவை லாக் ஆட்ஸ் அலகில் உள்ளன, அதாவது நடக்கும் வாய்ப்புக்கும் நடக்காத வாய்ப்புக்கும் உள்ள விகிதமான ஆட்ஸின் இயல் மடக்கை. −0.80 என்பதை நிகழ்தகவாக மாற்றினால் 31%. தொடக்கத்திலுள்ள −2.20ஐ மாற்றினால் 10%. கோப்பின் விகிதம் 11 சதவீதமாக இருக்க, தொடக்கம் ஏன் 10 என்று கவனமான வாசகர் கேட்பார். தொடக்க மதிப்பு என்பது ஒப்பீட்டுக்கு எடுத்த 500 பேரின் லாக் ஆட்ஸ்களுடைய சராசரி. நிகழ்தகவுகளின் சராசரியை எடுத்து லாக் ஆட்ஸாக மாற்றுவதும், மாற்றியதன் சராசரியை எடுப்பதும் ஒன்றல்ல. சிலருக்கு மட்டும் ஆபத்து மிக அதிகமாக இருக்கும் இத்தகைய தரவில், இரண்டாவது வழி கொஞ்சம் கீழேதான் வரும். இந்தச் சிறு வித்தியாசம் பிழை அல்ல.

ஆனால் தொடக்கம் 47% என்று வந்தால் அது வேறு கதை. சிறுபான்மை வகுப்புக்கு எடை கூட்ட `scale_pos_weight=8` என்று கொடுத்திருப்பார்கள். அது எல்லோருடைய லாக் ஆட்ஸையும் ஏறக்குறைய 2.08 உயர்த்திவிடும், ஏனென்றால் 8இன் இயல் மடக்கை அவ்வளவு. பங்குகள் பெரிதாக மாறாது, ஆனால் இதே நோயாளியின் 31% திரையில் 78% என்று தெரியும். வார்டில் அந்த எண்ணைப் பார்ப்பவர் அதை நம்பித்தான் படுக்கையும் ஆளும் ஒதுக்குவார். எடையை எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் கணிப்பை மறுஅளவீடு செய்த பிறகு மட்டும் காட்டுங்கள்.

+0.74 எத்தனை சதவீதம்?

இந்தக் கேள்விக்கு ஒரே பதில் கிடையாது என்பதுதான் பலர் இடறும் இடம். +0.74 ஆட்ஸை 2.1 மடங்காக்குகிறது, அது எப்போதும் உண்மை. சதவீதத்துக்கு வந்தால் நிலைமை மாறுகிறது. 10 சதவீதத்திலிருந்து தொடங்கி முதலில் இதைச் சேர்த்தால் 19 சதவீதத்துக்குப் போகிறோம், ஏற்றம் 9 புள்ளி. மற்ற எல்லாவற்றையும் சேர்த்துவிட்டு இதைக் கடைசியில் சேர்த்தால் 18இலிருந்து 31க்குப் போகிறோம், ஏற்றம் 13 புள்ளி. பங்கு அதே 0.74தான்.

எனவே சதவீதமாகத்தான் காட்ட வேண்டும் என்று வார்டு கேட்டால், லாக் ஆட்ஸ் பட்டைகளை ஏதோ ஒரு வரிசையில் சதவீதமாக மாற்றி எழுதாதீர்கள். `TreeExplainer` உருவாக்கும்போதே `model_output="probability"` என்று கொடுத்துக் கணக்கை நிகழ்தகவிலேயே செய்யச் சொல்லுங்கள். ஒப்பீட்டுத் தொகுப்பைக் கொடுத்திருந்தால்தான் அது வேலை செய்யும். அப்போது தொடக்கம் நிகழ்தகவுகளின் சராசரி என்பதால், பங்குகள் நேராகச் சுமார் 11இலிருந்து 31க்குக் கூட்டப்படும். வரிசைக் குழப்பம் அங்கே எழாததற்குக் காரணம், நாம் பங்கு என்று சொல்லும் ஷேப்லி மதிப்பு என்பதே எல்லா வரிசைகளின் சராசரி.

அந்தச் சராசரி எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டே அம்சங்களில் பார்த்துவிடலாம். எதுவும் தெரியாதபோது மாடல் −2.20 சொல்கிறது. முந்தைய அனுமதிகளை மட்டும் சொன்னால் −1.50. பராமரிப்பு இல்லம் என்பதை மட்டும் சொன்னால் −2.00. இரண்டையும் சொன்னால் −1.00. அனுமதிகளை முதலில் சொன்னால் அதன் ஏற்றம் 0.70, இரண்டாவதாகச் சொன்னால் 1.00, சராசரி 0.85. பராமரிப்பு இல்லத்துக்கு 0.20, 0.50, சராசரி 0.35. இரண்டும் சேர்ந்தால் 1.20, சரியாக −2.20க்கும் −1.00க்கும் உள்ள தூரம். தனித்தனியாக 0.70, 0.20 மட்டுமே தரும் இந்த இரண்டும் சேரும்போது கூடுதலாக 0.30 வருகிறது. அந்தக் கூடுதலை ஆளுக்குப் பாதியாகப் பிரித்திருக்கிறோம். திரையில் 0.85 என்று பார்ப்பவருக்கு, அதற்குள் இன்னோர் அம்சத்தின் துணையும் கலந்திருப்பது தெரியாது. லாயிட் ஷேப்லி 1953இல் கூட்டு ஆட்டங்களுக்காக வகுத்த இந்தப் பங்கீட்டை, 2017இல் லண்ட்பெர்க், லீ இருவரும் மாடல் விளக்கத்துக்கு `shap` வடிவில் கொண்டுவந்தார்கள்.

யாரோடு ஒப்பிட்டு?

மேலே உள்ள எல்லாப் பங்குகளும் "அந்த 500 பேரோடு ஒப்பிட்டால்" என்ற நிபந்தனையோடு வருபவை. அவர்களில் பெரும்பாலோர் வேறு நோய்களுக்காகச் சேர்ந்தவர்கள், வீட்டுக்குப் போனவர்கள். மொத்தக் கோப்பில் மூன்றில் இரண்டு பங்கு அனுமதிகளில் முந்தைய ஓராண்டின் உள்நோயாளி எண்ணிக்கை 0.

இதய வார்டின் நர்ஸ் அந்தக் கும்பலோடு தன் நோயாளியை ஒப்பிடுவதில்லை. அவர் மனதில் இருப்பது அதே வார்டில் படுத்திருக்கும் மற்ற முதியவர்கள். எனவே 70 வயதைத் தாண்டிய இதயச் செயலிழப்பு நோயாளிகளை மட்டும் ஒப்பீட்டுத் தொகுப்பாக வைத்து மறுபடி ஓட்டலாம். அப்போது தொடக்கம் −1.95க்கு, அதாவது 12 சதவீதத்துக்குச் சற்று மேலே, நகர்கிறது என்று கொள்வோம். முடிவு மாறாது, அதே −0.80. பங்கிட வேண்டிய தூரம் மட்டும் 1.40இலிருந்து 1.15 ஆகிவிட்டது. இதயச் செயலிழப்பு என்ற வரி பூஜ்யமாகிறது, ஏனென்றால் எல்லோருக்கும் அது உண்டு. முந்தைய அனுமதிகள் 0.66. இந்த வயதினர் பராமரிப்பு இல்லத்துக்குப் போவது சகஜம் என்பதால் அந்த வரி 0.23ஆகக் குறைகிறது. மற்றவை எல்லாம் சேர்ந்து 0.26.

இரண்டு விளக்கங்களும் சரியானவை, கேட்ட கேள்வி வேறு. ஒப்பீட்டுக் குழுவை எழுதாமல் பட்டைகளை மட்டும் காட்டும் திரை பாதி விளக்கத்தைத்தான் காட்டுகிறது. வார்டில் பயன்படுத்துவதற்கு இரண்டாவது வகையே பொருத்தம் என்பது எங்கள் தீர்ப்பு. நர்ஸுக்கு ஏற்கெனவே தெரிந்ததை அது திருப்பிச் சொல்வதில்லை.

ஒன்றோடொன்று பிணைந்த பத்திகள்

உள்நோயாளி அனுமதிகளும் அவசரப் பிரிவு வருகைகளும் ஒரே விஷயத்தின் இரு முகங்கள்: இந்த நோயாளி நிலைகொள்ளாமல் இருக்கிறார். மாடல் எந்த மரத்தில் எதைப் பிடித்தது என்பதைப் பொறுத்து 0.74க்கும் 0.08க்கும் இடையே பங்கு இடம் மாறும். வேறு விதைஎண் கொடுத்து மறுபயிற்சி செய்தால் 0.66, 0.16 என்று வரலாம். இரண்டையும் கூட்டிய 0.82 பெரிதாக அசையாது. பங்குகள் கூட்டத்தக்கவை என்பதால், "கடந்த ஓராண்டு மருத்துவமனை வருகைகள்" என்று ஒரே வரியாக்கிக் காட்டுவது நேர்மையானது.

0, 1 பத்திகளுக்கும் இதே வழி. "வீடு = 0" என்று ஒரு வரியும், "பராமரிப்பு இல்லம் = 1" என்று இன்னொரு வரியும் திரையில் வந்தால் படிப்பவர் குழம்புவார். டிஸ்சார்ஜ் இடத்தின் எல்லாப் பத்திகளையும் கூட்டி ஒரே வரியாக்குங்கள். அட்டவணையில் உள்ள +0.31 அப்படிக் கூட்டியதுதான்.

"பதிவான நோய்கள் 9" என்ற வரியைப் பற்றி ஒரு வார்த்தை. கோப்பில் கிட்டத்தட்டப் பாதி அனுமதிகளில் இந்த எண் சரியாக 9. மனித உடலில் நோய்கள் இப்படி ஒரே எண்ணில் குவிவதில்லை. குறியீடு எழுதும் முறையின் தடமாகவே இதை எடுத்துக்கொள்ள வேண்டும். மேலும் நோய்க் குறியீடுகள் பெரும்பாலும் டிஸ்சார்ஜுக்குப் பிறகு இறுதியாகின்றன. படுக்கையருகே ஓடவேண்டிய மாடலுக்கு அந்த நேரத்தில் இந்த எண் கையில் இருக்காது. பழைய தரவில் அழகாகத் தெரியும் விளக்கம், நேரலையில் வெற்றிடத்தின் மேல் நிற்கும்.

பங்கை மருந்துச் சீட்டாகப் படிப்பது

இன்சுலின் கூட்டப்பட்டது +0.06. பராமரிப்பு இல்லம் +0.31. இதைப் பார்த்து, இன்சுலினைக் கூட்டாமல் விட்டால், வீட்டுக்கே அனுப்பினால் ஆபத்து குறையும் என்று யாராவது முடிவு செய்தால், நோயாளிக்கு நேரடித் தீங்கு. இன்சுலின் கூட்டப்பட்டது சர்க்கரை கட்டுக்குள் இல்லாததால். பராமரிப்பு இல்லத்துக்கு அனுப்பியது, தானே எழுந்து நடந்து மருந்து எடுக்கும் வலு அவருக்கு இல்லாததால். அந்த வலுவின்மை கோப்பில் பத்தியாக இல்லை, அதனால் இல்லம் என்ற பத்தி அதன் சார்பில் பேசுகிறது. அவரை வீட்டுக்கு அனுப்பினால் பத்தி மாறும், வலுவின்மை அப்படியே இருக்கும். மாடல் குறைந்த எண்ணைக் காட்டும்போதே உண்மையான ஆபத்து ஏறியிருக்கும்.

ரிச் கருவானாவும் குழுவினரும் 2015இல் வெளியிட்ட ஆய்வு இதற்குக் கூர்மையான சான்று. நிமோனியா நோயாளிகளில் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு மரண ஆபத்து குறைவு என்று மாடல் கற்றிருந்தது. தரவு அப்படித்தான் இருந்தது, ஏனென்றால் ஆஸ்துமா இருந்தால் நேரே தீவிர சிகிச்சைப் பிரிவில் சேர்த்தார்கள், அந்தக் கவனிப்பு உயிரைக் காத்தது. அந்தக் கணிப்பை நம்பி வீட்டுக்கு அனுப்பியிருந்தால் காத்த கவனிப்பையே பறித்திருப்பார்கள். ஷேப்லி பங்கு இந்தப் பிழையைத் திருத்தாது, மாடல் எதைக் கற்றதோ அதை உள்ளபடி காட்டும். அதைப் பார்த்து "இது மருத்துவத்துக்கு ஒத்துவரவில்லையே" என்று சொல்ல, அந்த வார்டை அறிந்த ஒருவர் பக்கத்தில் உட்கார வேண்டும். விளக்கத்தால் கிடைக்கும் பெரிய பயன் இதுதான் என்று நினைக்கிறோம்.

வார்டுக்குப் போகும் வரிகள்

இத்தனை கணக்குக்குப் பிறகு நர்ஸின் திரைக்குப் போவது மூன்று வரிகள்:

"30 நாளில் மறுஅனுமதி வாய்ப்பு 31%. இதே வயது, இதே நோயில் மற்றவர்களுக்குச் சுமார் 12%. இவரை உயர்த்திக் காட்டுபவை: கடந்த ஓராண்டு மருத்துவமனை வருகைகள், பராமரிப்பு இல்லத்துக்கு மாறுவது."

மற்ற அம்சங்களைத் திரையில் போடவில்லை. அவற்றின் வரிசை நிலையானது அல்ல. பயிற்சித் தரவிலிருந்து நோயாளிவாரியாக மீள்மாதிரி எடுத்து 20 முறை மாடலை மறுபயிற்சி செய்து, இதே நோயாளியின் பங்குகளை ஒவ்வொரு முறையும் எழுதிப் பாருங்கள். முதல் இரண்டு குழுக்கள் ஏறக்குறைய எல்லா ஓட்டத்திலும் அதே இடத்தில் நின்றால் அவற்றைக் காட்டலாம். 0.05க்கும் 0.09க்கும் இடையே உள்ளவை ஓட்டத்துக்கு ஓட்டம் முன்பின் மாறினால், சிலவற்றின் குறி கூட்டலிலிருந்து கழித்தலுக்கே தாவினால், அவற்றை இந்த நோயாளிக்கான காரணம் என்று யாரிடமும் சொல்ல முடியாது.

நின்ற இரண்டு வரிகளும் நர்ஸை எங்கே பார்க்கச் சொல்கின்றன என்பது தெளிவு. முந்தைய மூன்று டிஸ்சார்ஜ் சம்மரிகளை எடுத்து, ஒவ்வொரு முறையும் எதனால் திரும்பினார் என்று படிக்கலாம்: உடலில் நீர் சேர்ந்ததா, சர்க்கரை தாழ்ந்ததா, தொற்றா. பராமரிப்பு இல்லத்தைத் தொலைபேசியில் அழைத்து, மாற்றிய இன்சுலின் அளவும் நீர் இறக்கும் மாத்திரையின் அளவும் அவர்கள் பட்டியலில் ஏறியிருக்கிறதா, தினமும் எடை பார்க்கிறார்களா என்று கேட்கலாம். 7 முதல் 14 நாட்களுக்குள் மறுபரிசோதனைத் தேதியைக் குறித்துக் கொடுக்கலாம். இவற்றில் எதையும் செய்தபின் மாடலை மறுபடி ஓட்டினால் 31 அப்படியேதான் இருக்கும். தொலைபேசி அழைப்புக்கும் எடைக் குறிப்புக்கும் கோப்பில் பத்தி இல்லை.